பத்துப் பேர் பார்த்த பக்குவம்

ஊறுகாய் பாட்டிலில் ஒட்டும் தாளில் பொருளின் பெயர், சேர்மானங்கள், எடை, விலை, தயாரித்த தேதி, கெடு தேதி, உணவுப் பாதுகாப்புத் துறை தரும் 14 இலக்க எண், குழுவின் முகவரி ஆகிய எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கிய பிறகு, இரண்டு விரல் அகலம் மிஞ்சும். மகளிர் சுய உதவிக் குழு ஒன்று தன்னைப் பற்றிச் சொல்ல நினைப்பதை அந்த இரண்டு விரல் அகலத்துக்குள்தான் சொல்லியாக வேண்டும். கோரிக்கையை உரக்கச் சொல்வதால் ஊர்வலத்தில் எழுவதை முழக்கம் என்கிறோம். பாட்டிலில் இருப்பதோ மெல்லப் படிக்கப்படுவது. பல சமயம் ஊறுகாயைத் தின்றுகொண்டிருக்கும்போதே படிக்கப்படுவது. அதற்கு வாசகம் என்ற சொல்லே பொருந்தும். தின்றுகொண்டே படிப்பவருக்கு அந்த வாசகம் உண்மையா என்று நாக்கே சொல்லிவிடும். வேறு எந்தப் பொருளின் வாசகத்துக்கும் இவ்வளவு அருகில் சாட்சி உட்கார்ந்திருப்பதில்லை.

குழுக்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் வாசகங்கள் நமக்குப் பழக்கமானவை. அம்மாவின் கைமணம், பாட்டியின் பக்குவம், வீட்டுச் சுவை, தூய்மை தரம் சுவை என்பவை அவை. இவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு டன் கணக்கில் ஊறுகாய் அடைக்கும் தொழிற்சாலைகள் இதே சொற்களை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. எந்திரம் அரைத்த தூளுக்கும் பாட்டி படம் போட்டாகிவிட்டது. உண்மையிலேயே பாட்டிகள் உட்கார்ந்து காம்பு கிள்ளும் இடத்திலிருந்து வரும் பாட்டிலும் அதே சொல்லைத் தாங்கி வந்தால், வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். விலை குறைவானதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

சில சொற்களுக்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. உணவு விளம்பரங்கள், உரிமைகோரல்கள் பற்றிய 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, பல பொருட்கள் கலந்து செய்த உணவைத் ‘தூய’ உணவு என்று அழைக்கக் கூடாது. மிளகாய், மல்லி, சீரகம், வெந்தயம் எல்லாம் சேர்ந்த குழம்புத்தூளுக்கு அந்தச் சொல் ஒட்டாது. மஞ்சளை மட்டும் அரைத்து விற்றால் ஒட்டும். ‘பாரம்பரிய’ என்று போட வேண்டுமானால் அந்தச் செய்முறை தலைமுறைகளாக மாறாமல் வந்திருக்க வேண்டும். சந்தை தேய்த்து வைத்த சொற்களைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு யோசிக்கக் குழுக்களுக்குச் சட்டமே ஒரு சாக்குத் தருகிறது என்றும் இதைக் கொள்ளலாம்.

அப்படி யோசிக்கும்போது முதலில் எதிர்ப்படுவது கை. தமிழில் சமையலைப் பற்றிய பேச்சு கையை விட்டு நகர்வதே இல்லை. கைமணம், கைப்பக்குவம், கைப்பதம், கைவாகு, கைராசி என்று சொற்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இவை எல்லாமே தனி ஒருவரின் கையைக் குறிப்பவை. ‘அவ கைக்கு அந்த ருசி’ என்று சொல்லும்போது, அந்த ருசி வேறு கைக்கு வராது என்பதும் சேர்த்தே சொல்லப்படுகிறது. கைத்திறனைப் பாராட்டும் சொல் ஒவ்வொன்றும் அந்தத் திறனை ஒருவரிடமே பூட்டி வைக்கிறது.

குழு என்பது பலருடைய கை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. பொதுவாக 12 முதல் 20 பெண்கள் வரை சேர்ந்தது ஒரு குழு. அவை தொடங்கியபோது ஊறுகாயும் இல்லை, மசாலாத்தூளும் இல்லை; சேமிப்பும் கடனும்தான் இருந்தன. ஆளுக்குச் சிறு தொகை போட்டு, சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடனாகக் கொடுத்து, வட்டியையும் குழுவிலேயே சேர்த்தார்கள். பிறகு வங்கிகளும் கடன் தந்தன. நிலப்பத்திரமோ நகையோ அடமானம் இல்லை. குழுவின் பொறுப்பே அடமானம். ஒருத்தி தவணை கட்டத் தவறினால் மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். அதனால் கூட்டத்தில் கணக்கு நோட்டை எல்லார் முன்னாலும் திறந்து படிப்பது வழக்கமாயிற்று. ஊக்குநரோ பிரதிநிதியோ மட்டும் பார்த்துக்கொள்ளும் நோட்டு அல்ல அது. எழுதத் தெரியாதவருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டப்பட வேண்டிய நோட்டு.

ஊறுகாய்க்குழுவின் வாசகத்தில் கைத்திறன், கூட்டு என்ற இரண்டையும் சொல்ல வேண்டும் என்று எல்லாரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்பவை என்பது ஜாடிக்கு முன்னால் உட்காரும்போதுதான் தெரியும். கைத்திறன் ஒருவரிடம் இருக்கிறது. கூட்டோ பலரால் ஆனது. இந்த இழுபறியைத் தீர்க்காத குழு எந்த வாசகத்தை எழுதினாலும் அது ஒட்டுத்தாளோடு நின்றுவிடும்.

மதுரைப் பக்கத்தில் 12 பேர் கொண்ட குழு ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். எலுமிச்சை ஊறுகாயும் குழம்புத்தூளும் அவர்களுடைய சரக்கு. இரண்டிலும் கைகாரர் ஒருவர் இருக்கிறார், மூத்தவர். மற்றவர்கள் அவரிடம் கேட்டுக் கேட்டுச் செய்கிறார்கள். உப்பு எவ்வளவு என்றால் ‘ரெண்டு கை’ என்பார். வெந்தயம் எவ்வளவு வறுபட வேண்டும் என்றால் ‘வாசம் வரும்போது இறக்கு’ என்பார். அவர் இருக்கும்வரை எல்லாம் சரியாக நடக்கும். மகள் பிரசவத்துக்காக அவர் இரண்டு மாதம் வெளியூர் போனால், அந்த இரண்டு மாதப் பாட்டில்கள் வேறு ருசியில் வரும். கடைக்காரர் திருப்பி அனுப்பும் பெட்டிகளும் அந்த மாதங்களைச் சேர்ந்தவையாகவே இருக்கும்.

இரண்டு கை என்பது எவ்வளவு? உறுப்பினர் ஒவ்வொருவரும் கல்லுப்பை ஒரு கை அள்ளித் தராசில் போட்டுப் பார்த்தால் போதும், ஒருவர் பிடிக்கும் இன்னொருவர் பிடிக்கும் இடையே பாதிக்குப் பாதி வித்தியாசம் வரக்கூடும். எலுமிச்சை ஊறுகாயில் அந்த வித்தியாசம் சின்ன விஷயம் அல்ல. 10 கிலோ எலுமிச்சைக்கு ஒன்றரை முதல் 1.8 கிலோ உப்பு என்பது பல வீடுகளில் வழங்கும் அளவு. பழங்களைக் கழுவி, துணியால் ஒற்றி, நிழலில் ஈரம் போக உலர்த்தி, எட்டாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் கலந்து ஜாடியில் போட்டு வாயை வெள்ளைத்துணியால் கட்டி வைக்க வேண்டும். உப்பு பழத்தின் சாற்றை வெளியே இழுக்கும். சாறு மேலெழுந்து துண்டுகளை மூடும். அந்தப் புளிப்பும் உப்பும் சேர்ந்துதான் கெடுக்கும் கிருமிகளை அண்டவிடாமல் காக்கின்றன. தினமும் ஜாடியைக் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேல்துண்டுகள் சாற்றுக்கு வெளியே காய்ந்து நிற்கும். பத்துப் பதினைந்து நாளில் தோல் மெத்தென்றாகி, பளிச்சென்ற மஞ்சள் மங்கிப் பழுப்பேறும். தோலை விரலால் நசுக்கினால் எதிர்ப்பில்லாமல் மடங்க வேண்டும். அதன் பிறகுதான் மிளகாய்த்தூளும் வறுத்துப் பொடித்த வெந்தயமும் பெருங்காயமும் சேரும். காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெய் கடைசியில் ஊற்றப்படும். பாட்டிலில் அடைக்கும்போது துண்டுகளுக்கு மேலே அரை விரற்கடை எண்ணெயாவது நிற்க வேண்டும். பூஞ்சைக்குக் காற்று வேண்டும். அந்த எண்ணெய் காற்றைத் தடுக்கிறது.

உப்பு குறைந்தால் முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு சாற்றில் சிறு சிறு குமிழிகள் எழும். பாட்டில் மூடி லேசாக உப்பும். திறக்கும்போது ‘புஸ்’ என்று காற்று வெளியேறும். துண்டுகள் குழைந்து கூழாகும். ஈரக்கரண்டி பட்டிருந்தாலோ எண்ணெய் போதாமல் இருந்தாலோ மேற்பரப்பில் வெள்ளையாக ஆடை படியும். ஆடையை வழித்துவிட்டு விற்றுவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு, ஆனால் அது தவறு. மேலே தெரிவது பூஞ்சையின் ஒரு பகுதிதான். அந்த ஜாடியைக் கொட்டிவிட வேண்டும். 10 கிலோ ஊறுகாயைக் கொட்ட ஒருத்திக்கு மனம் வராது. பத்துப் பேர் கூடிப் பார்த்தால் வரும்.

குழம்புத்தூளில் பிசகும் இடம் வேறு. ஒரு கிலோ மிளகாய்க்கு ஒன்றரைக் கிலோ மல்லி, 200 கிராம் சீரகம், 100 கிராம் மிளகு, 50 கிராம் வெந்தயம், 100 கிராம் விரலி மஞ்சள், பருப்பு வகைகள், கறிவேப்பிலை என்று ஓர் அளவை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஊரும் இதைக் கூட்டும், குறைக்கும். மிளகாயை இரண்டு நாள் வெயிலில் காய வைத்துக் காம்பு கிள்ள வேண்டும். அப்போது கறுத்த வத்தலையும் உள்ளே சாம்பல் நிறம் படர்ந்த வத்தலையும் பொறுக்கி எறிய வேண்டும். ஈரத்தில் கிடந்த மிளகாயில் வளரும் பூஞ்சை நஞ்சு அரைத்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. வெந்தயம், மல்லி, சீரகம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும், ஏனென்றால் சூடு ஏறும் வேகம் ஒன்றுக்கொன்று வேறு. வெந்தயம் சிவந்ததும் இறக்காவிட்டால், அந்த 50 கிராமே மூன்று கிலோ தூளையும் கசக்க வைத்துவிடும். மில்லுக்குப் போனால், முன்னால் அரைத்தவருடைய மாவு எந்திரத்தில் தங்கியிருக்கும். முதலில் வரும் இரண்டு கை தூளைத் தனியே ஒதுக்க வேண்டும். அரைத்து முடித்த தூள் கையால் தொட முடியாத சூட்டில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் சுத்தமான துணியிலோ தாளிலோ பரப்பி முழுக்க ஆறவிட வேண்டும். அவசரத்தில் சூட்டோடு பையில் அடைத்தால், பையின் உட்புறம் ஆவி பனிக்கும். ஒரு வாரத்தில் தூள் கட்டி தட்டும். பையைத் தட்டிப் பார்த்துத் தூள் உதிராமல் கட்டியாக நகர்ந்தால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

இவ்வளவிலும் பக்குவம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அளவில் பாதியும் கணத்தில் பாதியுமாக இருக்கிறது. அளவை எடை போட்டு நோட்டில் எழுதிவிடலாம். மூத்தவர் ‘ரெண்டு கை’ அள்ளும்போது ஐந்து முறை நிறுத்துப் பார்த்துச் சராசரியை எழுதிக்கொண்டால், அவர் கை அங்கே தங்கிவிடுகிறது. கணத்தை எழுதுவதுதான் கடினம். வெந்தயம் சிவக்கும் நிமிடம், தோல் மடங்கும் நாள், எண்ணெய் ஆறிவிட்டது என்று கை சொல்லும் சூடு ஆகியவை உடன் நின்று பார்த்தால்தான் வரும். குழு தன் தொழிலைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே வழி, ஒவ்வொரு கணத்திலும் ஒருவருக்குப் பதிலாக இருவரை நிற்க வைப்பது. மூத்தவர் வறுக்கும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அடுத்த மாதம் அவர் வறுக்க, மூத்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இந்த இழுபறியை வேறு விதமாகத் தீர்த்த முன்னுதாரணம் ஒன்று இந்தியாவில் உண்டு. 1959இல் மும்பையின் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம்தான் அது. அங்கே மாவைக் கிளையில் ஒரே இடத்தில் பிசைகிறார்கள். பெண்கள் அந்த மாவை வீட்டுக்குக் கொண்டுபோய் உருட்டித் தேய்த்துத் திரும்பக் கொடுக்கிறார்கள். ருசியைத் தீர்மானிப்பது மாவு. வீட்டில் நடப்பது தேய்ப்பு மட்டும். எத்தனை ஆயிரம் பேர் தேய்த்தாலும் அப்பளம் ஒன்றுபோல் இருப்பதற்கு இந்தப் பிரிப்பே காரணம். ஊறுகாயில் அப்படிப் பிரிக்க முடியாது. நறுக்குவது முதல் எண்ணெய் ஊற்றுவது வரை ஒவ்வொரு படியும் ருசியைத் தொடுகிறது. எனவே ஊறுகாய்க்குழு தொடக்கத்தில் ஒருமுறை கட்டுப்படுத்திவிட்டு ஓய முடியாது. கடைசியில், அடைப்பதற்கு முன்னால், எல்லாருமாகப் பார்த்தாக வேண்டும். வாசகம் பிறக்க வேண்டிய இடமும் இந்தக் கடைசிப் பார்வைதான்.

பார்ப்பதற்கும் முறை உண்டு. ஊறுகாயை வெறும் நாக்கில் வைத்தால் உப்பும் காரமும் மட்டுமே தெரியும். இரண்டாவது துண்டுக்குப் பிறகு யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு கவளம் தயிர்சோற்றோடு ஒரு துண்டு எடுத்து, நடுவில் தண்ணீர் குடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். பக்கத்தில் போன முறை எடுத்துவைத்த மாதிரிப் பாட்டில் இருக்க வேண்டும். குழம்புத்தூளை அப்படியே நக்கிப் பார்ப்பது பயனில்லை. எலுமிச்சை அளவு புளி, இரண்டு கரண்டித் தூள், எப்போதும் ஒரே காய் என்று வைத்துச் சிறு சட்டியில் குழம்பு கொதிக்க வைக்க வேண்டும். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்லும்போது, ‘அக்கா, போன தடவைக்கு இப்ப உப்பு தூக்கல்’ என்று இளையவள் சொல்லத் துணிந்தால்தான் அந்தக் குழுவின் கூட்டு உண்மையானது. மூத்தவர் செய்ததை யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றால், பார்த்தது ஒருவர்தான். மற்ற பதினோரு பேரும் சாப்பிட்டார்கள், அவ்வளவே.

பணக்கணக்கை எல்லார் முன்னும் திறந்து படிக்கும் பழக்கம் குழுவிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதே நோட்டுப் பழக்கத்தை ஜாடிக்குக் கொண்டுவந்தால், கைத்திறனும் கூட்டும் முதன்முறையாக ஒரே இடத்தில் உட்காருகின்றன. ரூபாய்க்கு எல்லாரும் பதில் சொல்வதுபோல ருசிக்கும் எல்லாரும் பதில் சொல்கிறார்கள். தொழிற்சாலையால் சொல்ல முடியாத வாக்கியம் அதுதான். குழுவால் எந்தச் சட்டத்துக்கும் அஞ்சாமல் அதைச் சொல்ல முடியும்.

அதை எந்தச் சொற்களில் சொல்வது? முதலில் மனதில் வருவது ‘பல கை, ஒரே பக்குவம்’. பொருள் சரி, சுருக்கமும் சரி. ஆனால் தாளை அச்சடிப்பவர் இடைவெளியைக் கொஞ்சம் நெருக்கிவிட்டால் ‘பலகை’ என்றாகிவிடும். ‘பல கைகள்’ என்று மாற்றினாலும் தப்ப முடியாது, ‘பலகைகள்’ ஆகும். வாயால் சொல்லும்போதும் பலகை என்றே காதில் விழும். எண்ணைப் போட்டுப் பார்க்கலாம் என்று ‘பன்னிரு கை, ஒரே பக்குவம்’ என எழுதினால், 12 பெண்களுக்கு 24 கை என்பது ஒருபுறம் இருக்க, அந்தச் சொற்றொடர் நேராக முருகனைக் கூப்பிடுகிறது. முருகனிடம் குறையில்லை. ஆனால் குழுவில் ஒரு பாத்திமாவும் ஒரு மேரியும் இருக்கும்போது, அவர்களையும் சேர்த்தே பேச வேண்டிய வாசகம் இது.

கை என்ற சொல்லிலேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. யார் கையால் சமைத்ததை யார் சாப்பிடலாம் என்பது நம் ஊர்களில் நெடுங்காலமாகச் சாதி தீர்மானித்து வந்த விஷயம். சத்துணவுக்கூடத்தில் தலித் பெண் சமைத்தால் பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோர்களைப் பற்றிய செய்தி தமிழ்நாட்டில் இன்றும் வருகிறது. சந்தையில் சாதிப்பெயரையே சுத்தத்தின் அடையாளமாகப் போட்டு விற்கும் ஊறுகாய்களும் தூள்களும் உண்டு. ‘பாட்டி வீட்டுப் பக்குவம்’ என்னும் வாசகமும், எந்தப் பாட்டி, எந்தத் தெருவில் இருந்தவர் என்ற கேள்வியை வாங்குபவரின் மனதில் மெல்ல எழுப்பிவிடுகிறது. பல தெருப் பெண்கள் ஒரே ஜாடியைச் சுற்றி உட்கார்ந்து ஒரே சட்டியிலிருந்து ருசி பார்க்கிறார்கள் என்றால், அது அந்த ஊரில் நடந்த பெரிய காரியம். வாசகம் அதை உரக்கச் சொல்லித் தம்பட்டம் அடிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே வீட்டின், ஒரே கையின் பெருமையாக அதைத் திரித்துவிடக் கூடாது.

கையை விட்டுவிட்டு, நடக்கும் செயலை மட்டும் எடுத்துக்கொண்டால் வாசகம் தானே வந்து நிற்கிறது: ‘பத்துப் பேர் பார்த்த பக்குவம்’. பக்குவம் பார்ப்பது என்பது அடுப்படியில் அன்றாடம் புழங்கும் பேச்சு. ருசி பார்ப்பதும் பார்ப்பதுதான், பொறுப்பாகப் பார்த்துக்கொள்வதும் பார்ப்பதுதான். பத்துப் பேர் என்பது தமிழில் எண்ணாகவும் இருக்கிறது, பலர் என்ற பொருளிலும் வழங்குகிறது. பத்துப் பேருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. ஒருவரிடம் பூட்டிக்கிடந்த பக்குவம் என்ற சொல் இந்த வரியில் பத்துப் பேருக்கு உரியதாக மாறுகிறது. பத்து, பார்த்த, பக்குவம் மூன்றும் யாப்பு முறைப்படி மோனை. ‘பேர்’ இலக்கணப்படி அந்த வரிசையில் சேராது என்றாலும் காது அதையும் சேர்த்துக்கொள்ளும். மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்கலாம். கல்லூரிச் சந்தையிலோ கண்காட்சியிலோ மேசைக்குப் பின்னால் நிற்கும் பெண் கூச்சமில்லாமல் திருப்பித் திருப்பிச் சொல்லக்கூடிய வரி இது. ‘யார் அந்தப் பத்துப் பேர்?’ என்று வாங்குபவர் கேட்டால், ‘நாங்கதாங்க’ என்று சொல்லிவிட்டுப் பெயர்களையும் சொல்லலாம். கேள்வியை வரவழைக்கும் வாசகம் விற்பனைக்கு நல்லது. அந்தக் கேள்விக்குப் பதில் கைவசம் இருப்பது அதைவிட நல்லது.

வேறு மொழி பேசும் வாடிக்கையாளருக்காக இதை மொழிபெயர்க்க முனைந்தால் பக்குவம் உடைந்துபோகும். சுவை, தரம், முதிர்ச்சி, நேரம் பார்த்தல் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. வரியைத் தமிழிலேயே விட்டுவிட்டு, பொருளின் பெயரையும் சேர்மானங்களையும் மட்டும் பிற மொழியில் தருவதே மேல். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். வளைந்து நெளியும் அலங்கார எழுத்தில் ‘பக்குவம்’ என்பதன் ஒற்றுப்புள்ளிகள் எண்ணெய்க்கறையில் காணாமல் போகும். மகளிர் திட்டக் குழுக்களின் பொருட்கள் ‘மதி’ என்ற பொதுப்பெயரிலும் விற்பனைக்குப் போகின்றன. அப்படிப் போகும்போது பொதுப்பெயர் மேலே இருக்க, குழுவின் வரி கீழே வர வேண்டும். மேலே இருப்பது எல்லாக் குழுக்களுக்கும் பொது. கீழே இருப்பதுதான் இந்த ஜாடியைப் பற்றியது.

ஏன் பத்து, ஏன் பன்னிரண்டு இல்லை என்பதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. 12 பேரும் ஒருசேரக் கூடும் நாள் அபூர்வம். ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கும், ஒருத்தி நூறுநாள் வேலைக்குப் போயிருப்பாள். பத்து என்பது எட்டக்கூடிய எண். எட்டக்கூடியதாக இருப்பதால்தான் அதை விதியாக வைக்க முடியும். ஒவ்வொரு முறை செய்யும் சரக்குக்கும் இடும் எடுப்பு எண், தேதி, உப்பின் எடை, பார்த்தவர்களின் கையெழுத்து அல்லது கைநாட்டு ஆகியவற்றைச் சேர்த்து நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். பாட்டிலில் இருக்கும் எடுப்பு எண்ணும் நோட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கும். புகார் வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால் என்ன நடந்தது என்பது தெரிந்துவிடும்.

வாசகம் உடையும் சந்தர்ப்பமும் தெரிந்ததே. தீபாவளிக்கு முன்னால் 500 பாட்டிலுக்கு ஒரு பெரிய ஆர்டர் வரும். வழக்கமாக மாதம் 100 பாட்டில் செய்யும் குழுவிடம் ஜாடியும் இருக்காது, பதினைந்து நாள் ஊறவிடப் பொழுதும் இருக்காது. ஊறாத எலுமிச்சையை வேகவைத்து அவசர ஊறுகாய் போடலாம், மிளகாய்த்தூளை மொத்தக் கடையில் வாங்கிக் கலந்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். வேகவைத்து உடனே போடும் ஊறுகாய் தவறான பண்டம் அல்ல. அது வேறு பண்டம், வேறு பெயரில் வர வேண்டும். வாங்கிய தூளின் கதை வேறு. கண்ணைப் பறிக்கும் சிவப்பு, முகர்ந்தால் மிளகாய் வாசம் குறைவு, தண்ணீரில் தூவினால் சாயம் கோடு கோடாக இறங்குவது ஆகியவை கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கலாம். அது சுத்தமான தூளாகவே இருந்தாலும், அதன் காம்பைக் கிள்ளிய கையையோ வறுத்த சட்டியையோ குழுவில் யாரும் பார்க்கவில்லை. அந்தப் பாட்டிலின்மேல் இந்த வரி ஒட்டப்பட்டால் அது பொய்.

இதற்குக் குழு செய்யக்கூடியது, வாசகத்தைத் தேர்ந்தெடுக்கும் அதே கூட்டத்தில், அதே தீர்மானப் புத்தகத்தில், அதற்கு அடுத்த வரியாக இன்னொன்றையும் எழுதிக் கையெழுத்திடுவது: பத்துப் பேருக்குக் குறைவாகப் பார்த்த எடுப்பில் இந்த வரி இல்லாத தாளே ஒட்டப்படும். அச்சகத்தில் ஒட்டுத்தாளை வரியோடு ஒன்று, வரியில்லாமல் ஒன்று என இரண்டு வகையாக அடித்து வாங்க வேண்டும். இரண்டு கட்டும் ஒரே அலமாரியில் இருக்கும். எந்தக் கட்டைப் பிரிப்பது என்பதை நோட்டில் அன்று விழுந்த கையெழுத்துகளை எண்ணிப் பார்த்துத் தீர்மானிப்பார்கள்.